பால் கிண்ணமும் தீராத கழிச்சலும்: மூன்று வயதுப் பூனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் கழிச்சல், ஆனால் பூனை சுறுசுறுப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறது, விளையாடுகிறது. கால்நடை மருத்துவரிடம் இப்படி வரும் வீட்டுப் பூனைகள் நிறைய. அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் விவரங்களை ஒரே பூனையின் கதையாகச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறோம். பாலை நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது. நிறுத்திய பிறகு அந்தக் கிண்ணத்தில் எதை வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள் என்பதால், அதற்கே இங்கே கூடுதல் இடம்.

பூனை கருத்தடை செய்த ஆண், நாட்டு இனம், வயது மூன்று, எடை 4 கிலோ. அடுக்குமாடி வீட்டில் வளர்கிறது. கடையில் வாங்கும் உலர் தீனி நாளைக்கு 35 கிராம். அதோடு காலை ஆறரைக்கு ஒரு கிண்ணம், இரவு எட்டு மணிக்கு ஒரு கிண்ணம் பாக்கெட் பால், ஒவ்வொன்றும் 100 மில்லி. குட்டியிலிருந்தே இந்தப் பழக்கம். இரண்டு மாதமாக மலம் இளகிப் போகிறது. ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் கூழ் பதம். வயிற்றில் கடமுட சத்தம், காற்றுப் பிரிதல், புளித்த வாடை. இரத்தம் இல்லை, வாந்தி இல்லை.

கொண்டுவந்தவருக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. "குட்டியா இருந்தப்போ இதே பாலைத்தானே டாக்டர் குடிச்சுது, அப்ப ஒண்ணும் ஆகலையே?" என்பது முதலாவது. "ஒத்துக்கலைன்னா அதுவே விட்டுடாதா? பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டாலே ஓடி வருதே" என்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தெரிந்தால் நோயின் முழு இயக்கமும் புரிந்துவிடும்.

குட்டியின் குடலில் நடப்பது

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் இணைந்த மூலக்கூறு அது. இணைந்த நிலையில் குடல் அதை உறிஞ்ச முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இருந்தால்தான் அது இரண்டாகப் பிரியும், பிரிந்தால்தான் இரத்தத்தில் சேரும். தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் வாரங்களில் குட்டியின் குடலில் இந்த நொதி தாராளமாக இருக்கிறது. நான்காவது வாரத்தில் திட உணவைக் கடிக்கத் தொடங்கி, ஏழு எட்டு வாரத்தில் பால்குடி மறக்கிறது. அதிலிருந்து லாக்டேஸ் உற்பத்தி இறங்கத் தொடங்கி, வளர்ந்த பூனையிடம் சிறு பங்குதான் மிஞ்சுகிறது. இது நோய் அல்ல. பாலூட்டி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இயல்பே இதுதான். பெரியவர் ஆன பிறகும் லாக்டேஸ் குறையாமல் இருக்கும் மனிதர்கள்தான் விதிவிலக்கு.

தொடர்ந்து கொடுத்தால் பழகிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. பால் குடிப்பதால் லாக்டேஸ் உற்பத்தி கூடுவதில்லை. வயதோடு இறங்குவது மரபணுவில் எழுதப்பட்ட ஒழுங்கு. குட்டியாக இருந்தபோது இதே பால் ஒத்துக்கொண்டதற்கும் இப்போது ஒத்துக்கொள்ளாததற்கும் காரணம் பாலில் இல்லை, குடலில் இருக்கிறது.

பிரியாத லாக்டோஸ் சிறுகுடலிலேயே தங்கி, சவ்வூடு பரவலால் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. மலம் இளகுவதற்கு முதல் காரணம் இதுதான். பிறகு அது பெருங்குடலை அடைகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அமிலங்களையும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு வாயுக்களையும் உண்டாக்குகின்றன. சத்தம், காற்று, புளித்த வாடை எல்லாம் அங்கிருந்து வருபவை. குடித்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விளைவு வெளியே தெரிவதுதான் வழக்கமான கணக்கு.

இரண்டாவது கேள்விக்கு விடையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. காலை ஆறரைக்குக் குடித்த பால் பிற்பகலில்தான் வயிற்றைப் புரட்டுகிறது. பூனையால் இந்த இரண்டையும் முடிச்சுப் போட முடியாது. குடித்த நிமிடத்தில் கிடைப்பது கொழுப்பின் மணமும் புரதத்தின் சுவையும் மட்டும்தான். இனிப்புக்காக அது பாலைத் தேடுவதில்லை. பூனைகளிடம் இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதிக்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது என்பது 2005-இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. மாற்றுத் தின்பண்டம் தேடும்போது இந்தத் தகவல் கைகொடுக்கும். பூனையைக் கவர இனிப்பு தேவையில்லை, கொழுப்பும் இறைச்சி மணமும் போதும்.

அளவைக் கணக்கிட்டால்

பசும்பாலில் 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் இருக்கிறது. இந்தப் பூனைக்கு நாளொன்றுக்கு ஒன்பது கிராமுக்கும் மேல் போய்க்கொண்டிருந்தது. நான்கு கிலோ உடலுக்கு ஒரு வேளை 100 மில்லி என்றால் கிலோவுக்கு 25 மில்லி. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். சிறிய கிண்ணம்தானே என்று தோன்றுவது நம் கண்ணுக்குத்தான்.

ஆற்றல் கணக்கு இன்னும் கவலைக்குரியது. வீட்டுக்குள் வாழும், கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 235 கிலோகலோரி போதும். 200 மில்லி பாலில் மட்டும் சுமார் 120 கிலோகலோரி, அதாவது நாள் தேவையில் பாதி. மீதிப் பாதிக்குத்தான் முறையான தீனி போகிறது. பூனைக்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய டாரின் என்ற சத்து பசும்பாலில் மிகச் சொற்பம். டாரின் குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975-இலும், இதயத் தசை தளர்ந்து விரியும் என்பது 1987-இலும் நிறுவப்பட்டவை. இந்தப் பூனைக்குப் பாதியாவது முழுமையான தீனி கிடைத்ததால் அந்த நிலை வரவில்லை. ஆனால் பால் சோறு மட்டுமே போட்டு வளர்க்கும் பூனைகளுக்கு, கழிச்சல் வந்தாலும் வராவிட்டாலும், இது உண்மையான ஆபத்து. வயிறு நன்றாக இருக்கிறது, அதனால் பால் சோறு சரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

முதலில் வேறு காரணங்களை விலக்குதல்

பால் குடிக்கும் பூனைக்குக் கழிச்சல் என்றால் பால்தான் காரணம் என்று உடனே எழுதிவிட முடியாது. உடல் வெப்பம் 38.6 டிகிரி செல்சியஸ், இயல்பு. தோலை இழுத்து விட்டதும் உடனே படிந்தது, நீரிழப்பு இல்லை. எடை குறையவில்லை, சொல்லப்போனால் விலா எலும்புகளின் மேல் கொஞ்சம் கொழுப்பு கூடியிருந்தது. புதிய மலத்தை நுண்ணோக்கியில் பார்த்ததில் புழு முட்டைகளோ ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோ இல்லை. ஜியார்டியா ஒரே மாதிரியில் அகப்படாமல் போகக்கூடும் என்பதால் அடுத்தடுத்த நாட்களில் எடுத்த மாதிரிகளும் பார்க்கப்பட்டன. குடற்புழு மருந்து உரிய காலத்தில் கொடுக்கப்பட்டிருந்தது, தீனியின் பிராண்டும் சமீபத்தில் மாறவில்லை.

பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம். அதில் நோய் எதிர்ப்பு அமைப்பு பாலின் புரதத்தை எதிர்க்கிறது. முகம், காது, கழுத்தில் அரிப்பு, சொறிந்து சொறிந்து புண், சில சமயம் வாந்தி எல்லாம் வரும். அப்படிப்பட்ட பூனைக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது. இந்தப் பூனைக்குத் தோலில் எந்தக் குறையும் இல்லை.

கழிச்சலில் இரத்தம், தொடர் வாந்தி, சோர்ந்து ஒடுங்குதல், எடை இறங்குதல், ஒரு முழு நாள் எதையும் தின்னாமல் இருத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். குட்டிகள் என்றால் சில மணி நேரத்திலேயே வறண்டுவிடும். மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரைகளை வீட்டிலேயே உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

ஏழு நாள் சோதனை

லாக்டோஸ் ஒவ்வாமல் வரும் கழிச்சலின் சிறப்பு, காரணத்தை நீக்கியதும் நின்றுவிடுவது. ஆகவே விலையுயர்ந்த பரிசோதனைகளுக்குப் போகும் முன் பால், தயிர், பன்னீர், பாலில் நனைத்த பிஸ்கட் என எல்லாவற்றையும் ஏழு நாள் முழுதாக நிறுத்தச் சொல்லப்பட்டது. மற்ற எதையும் மாற்றக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. பாலை நிறுத்தும் அதே நாளில் புதுத் தீனியையும் தொடங்கினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மணல் தட்டைப் பார்த்துத் தேதி, நேரம், மலத்தின் பதம் மூன்றையும் குறித்து வைக்கச் சொன்னோம். மணலோடு அள்ளும்போது உடையாமல் வருகிறதா, தட்டில் ஒட்டிக் கறை விடுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இரண்டாம் நாள் மலம் கெட்டியாகத் தொடங்கி, மூன்றாம் நாள் முழுதாக உருண்டு வந்தது. சத்தமும் வாடையும் நின்றன. ஏழாம் நாள்வரை அப்படியே இருந்தது. எட்டாம் நாள் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி பால் கொடுத்துப் பார்த்ததில் மாற்றம் இல்லை. மூன்று நாள் இடைவெளி விட்டு 60 மில்லி கொடுத்தபோது பத்து மணி நேரத்தில் மலம் இளகி, சத்தமும் திரும்பியது. நோய்க் காரணம் உறுதியானது. அதோடு, இது அளவைப் பொறுத்த சிக்கல் என்பதும் தெரிந்தது. மிஞ்சியிருக்கும் கொஞ்சம் லாக்டேஸ் ஒரு கரண்டியைச் சமாளிக்கிறது, கிண்ணத்தைச் சமாளிக்க முடியவில்லை. சில பெரிய பூனைகள் பால் குடித்தும் கழியாமல் இருப்பதும் இதனால்தான். நொதி எவ்வளவு மிஞ்சும் என்பது பூனைக்குப் பூனை வேறுபடும். பால் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் பகுதி ஆரோக்கியமான பெரிய பூனைக்கு மட்டுமே. முதல் ஏழு நாளிலேயே நன்றாகத் தெளிந்துவிட்டால் அதை விட்டுவிடலாம்.

ஒரு கரண்டி ஒத்துக்கொள்கிறதே, அதையாவது கொடுக்கலாமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒரு கரண்டி நான்கு கரண்டியாகிவிடும்.

பாலை மாற்றிப் பார்க்கும் முயற்சிகள்

தண்ணீர் கலந்து கொடுப்பது முதல் யோசனை. 100 மில்லி பாலில் 100 மில்லி தண்ணீர் ஊற்றினால் அடர்த்திதான் குறைகிறது, கிண்ணத்தில் இருக்கும் லாக்டோஸ் அப்படியே இருக்கிறது. காய்ச்சினாலும் லாக்டோஸ் அழியாது. நாட்டு மாட்டுப் பாலிலும் அதே அளவுதான். எருமைப் பாலில் லாக்டோஸோடு கொழுப்பும் அதிகம் என்பதால் வயிறு இன்னும் மோசமாகலாம். ஆட்டுப் பாலில் குறைவு என்றாலும், அந்த வேறுபாடு பூனைக்கு உதவும் அளவு இல்லை. பால் பவுடரில் தண்ணீர் போய்விட்டதால் லாக்டோஸ் செறிந்திருக்கிறது.

தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன, முழுதையும் அல்ல. ஒரு தேக்கரண்டித் தயிர் பெரும்பாலான பூனைகளுக்குத் தொல்லை தராது, ஆனால் அதை மருந்தாக நினைத்துக் கிண்ணம் நிறைய வைக்கக் கூடாது. நெய்யில் லாக்டோஸ் ஏறத்தாழ இல்லை, கொழுப்பு மட்டுமே. கெட்டியான சீஸிலும் லாக்டோஸ் குறைவு, உப்பு அதிகம். லாக்டோஸ் நீக்கிய பாலும் பூனைகளுக்கென்று விற்கும் பாலும் கழிச்சலைத் தவிர்க்கும் என்பது உண்மை. அவற்றில் கலோரி குறைவதில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பால் போனதும் தண்ணீரும் போகிறது

இந்த நிகழ்வில் மிக எளிதாகத் தவறிப்போகக்கூடிய இடம் இது. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். இந்தப் பூனை தன் 200 மில்லி பாலோடு 170 மில்லிக்கும் மேல் தண்ணீரைச் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது. உலர் தீனியில் பத்து சதவீதம் அளவுக்கே ஈரம். பாலை மட்டும் வெட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் பூனை அந்தக் குறையை உடனே குடித்து ஈடுகட்டாது. தாகம் எடுத்தாலும் மந்தமாகக் குடிக்கும் விலங்கு அது. சிறுநீர் செறிவாகும். கருத்தடை செய்த, உலர் தீனி தின்னும் ஆண் பூனையிடம் இது சிறுநீர்ப்பாதை அடைப்பில் கொண்டுபோய் விடலாம். கழிச்சலைத் தீர்க்கப்போய் அதைவிடப் பெரிய ஆபத்தை வாங்கிக்கொண்ட கதையாகும். சோதனை நாட்களில் வேறு எதையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையிலிருந்து தண்ணீருக்கு மட்டும் விலக்கு கொடுத்தோம். உலர் தீனியில் ஒவ்வொரு வேளையும் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினோம். வீட்டின் வெவ்வேறு மூலைகளில், மணல் தட்டிலிருந்து தள்ளி, அகலமான மூன்று கிண்ணங்களில் தண்ணீர் வைத்தோம்.

சோதனை முடிந்ததும் நிலையான ஏற்பாடு வந்தது. உலர் தீனி அதே 35 கிராம். பாலின் இடத்தில் 85 கிராம் ஈரத் தீனிப் பாக்கெட் ஒன்று, காலையும் இரவும் பாதிப் பாதியாக. வயிற்றுக்குப் புதிது என்பதால் நாளுக்குக் கால் பாக்கெட்டில் தொடங்கி ஒரு வாரத்தில் முழுதாக்கப்பட்டது. அதில் சுமார் 70 கிலோகலோரியும் 65 மில்லிக்கு மேல் தண்ணீரும் இருக்கின்றன. மீதி சுமார் 20 கிலோகலோரிதான் தின்பண்டத்துக்கு. நாள் தேவையில் பத்து சதவீதத்துக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது என்ற வரம்புக்குள் இது அடங்கும்.

காலை ஆறரைக் கிண்ணம்

பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவரும் பூனைக்கு அந்த நேரத்தில், அதே கிண்ணத்தில் ஏதாவது கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் கத்தும். கத்தினால் வீட்டில் யாராவது மனமிரங்கி இரண்டு கரண்டி பால் ஊற்றிவிடுவார்கள். இதற்குக் கோழித் தண்ணீர் நன்றாகப் பொருந்துகிறது. எலும்பில்லாத நெஞ்சுக்கறி 100 கிராமை 400 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேக விட வேண்டும். உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். கடையில் விற்கும் சூப் கட்டிகளிலும் வெங்காயத் தூளும் உப்பும் இருக்கும். ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். உறைய வைக்காவிட்டால் இரண்டு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கொடுக்கும்போது 30 மில்லி, வெதுவெதுப்பாக, பூனையின் உடல் சூட்டுக்கு. சூடாக இருந்தால்தான் மணம் எழும், குளிர்ந்ததைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதே கறியிலிருந்து 5 கிராம், நார்நாராகப் பிய்த்து மேலே தூவ வேண்டும். வெந்த நெஞ்சுக்கறி 10 கிராமில் சுமார் 16 கிலோகலோரி, ஆகவே காலை ஐந்து, இரவு ஐந்து என்றால் அன்றைய தின்பண்டக் கணக்கு ஏறத்தாழ முடிந்தது. சமையலறைத் தராசில் ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு கண் அளவே போதும்.

கோழி அலுத்த நாளில் அவித்த காடை முட்டை ஒன்று, அல்லது அவித்த கோழி முட்டையில் கால் பங்கு. இரண்டும் 20 கிலோகலோரிக்குள் அடங்கும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வேக வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மீனும் அப்படித்தான். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தையாமின் என்ற வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழக்கும். முள்ளை நன்றாக எடுத்துவிட்டு, கட்டைவிரல் நகமளவு இரண்டு துண்டு, வாரத்தில் இரண்டு நாள் போதும். கோழி ஈரலைப் பூனைகள் பாலைவிட விரும்பித் தின்னும். ஆனால் அதில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை, 5 கிராமோடு நிறுத்த வேண்டும். கருவாடு கூடாது, உப்பு மிக அதிகம். குழம்பில் கிடந்த மீன், சமைத்த எலும்பு இரண்டும் வேண்டாம்.

தாயில்லாத குட்டிகளுக்குப் பால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். அவற்றுக்கும் பசும்பால் சரியான மாற்று அல்ல. தாய்ப் பூனையின் பாலில் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் புரதம் இருக்கிறது. பசும்பாலில் வளரும் குட்டி தேறாது, கழியவும் செய்யும். பூனைக்குட்டிகளுக்கென்று தயாரிக்கும் பால் மாவைத்தான் வாங்க வேண்டும்.

ஐந்தாவது வாரம்

ஒரு மாதம் மலம் கெட்டியாகவே இருந்தது. மணலில் சிறுநீர் கட்டியாகும் உருண்டைகள் முன்போலவே பெரிதாக, நாளைக்கு இரண்டு மூன்று விழுந்தன. தண்ணீர் போதுமான அளவு போகிறது என்பதற்கு வீட்டில் பார்க்கக்கூடிய நல்ல அடையாளம் இது. உருண்டைகள் சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ தண்ணீரைக் கூட்ட வேண்டும். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் மலம் மறுபடி இளகியது. வீட்டில் யாரும் பால் கொடுக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டியதில் இளகிய நாட்கள் எல்லாமே பூனையை மாடிப்படிப் பக்கம் விட்ட நாட்கள். கீழ்த்தளத்துப் பாட்டி அன்போடு பால் சோறு வைத்துக்கொண்டிருந்தார். கொடுக்காதீர்கள் என்று சொல்வது சரிவராது, அவருக்கும் பூனைக்கும் அது பெரிய சந்தோஷம். ஆகவே அன்றைய 35 கிராம் உலர் தீனியிலிருந்தே 5 கிராமை எடுத்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, "பாட்டி, இதை நீங்களே கையால போடுங்க" என்று தினமும் கொடுத்து வரச் சொன்னோம். மூன்றாம் நாள் மலம் மறுபடி கெட்டியானது.